மானிட்டரில் வந்த லாபம் டீமேட்டில் வரவில்லை



திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். எண்ணூர்ப் பக்கம் ஃபவுண்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனோடு உட்கார்ந்து பழைய விலைகளை வைத்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். லாபத்தோடு ஒப்பிட்டால் விலை மலிவாக உள்ள 20 சின்னக் கம்பெனிகளை வாங்குவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் ஐந்தை மாற்றுவது, அவ்வளவுதான் திட்டம். கணக்கில் அது குறியீட்டைவிட ஆண்டுக்கு 6% கூடுதலாகத் தந்தது. பத்து லட்சம் போட்டு நிஜமாகச் செய்தபோது அந்த 6% வரவே இல்லை. ‘தப்பு எங்கே, ஐயா?’ என்று கேட்கிறார்.

திட்டத்தில் தப்பில்லை. சின்னக் கம்பெனிப் பங்குகள் கூடுதல் வருமானம் தந்திருப்பதை ரோல்ஃப் பான்ஸ் அமெரிக்கப் பங்குகளை வைத்து 1981-லேயே எழுதிவிட்டார். பிறகு பலர் அதை மறுத்தார்கள், திருத்தினார்கள். அது தனிக் கதை. நம் வாசகரின் பணம் போனது வாங்கிய விலையிலும் விற்ற விலையிலும்தான்.

அவருடைய கணக்கு ‘குளோசிங் விலை’யை வைத்துப் போட்டது. நம் சந்தையில் அது கடைசி அரை மணி நேர வியாபாரத்தின் சராசரி. அந்த நேரத்தில் வியாபாரமே நடக்காவிட்டால், அதற்கு முன் கடைசியாகக் கைமாறிய விலை. அந்த விலையில் உங்களுக்கு 500 பங்கு கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். வாங்குபவர் கேட்பது 98 ரூபாய், விற்பவர் சொல்வது 102. நடுவிலை 100. திரையில் 102-க்கு 100 பங்குதான் இருக்கிறது. 103-க்கு 200, 105-க்கு 300. நீங்கள் மார்க்கெட் ஆர்டரில் 500 பங்கு வாங்கினால் மொத்தம் 51,800 ரூபாய் ஆகும். சராசரி 103.60. சில நாள் கழித்து, நடுவிலை அதே 100-ல் இருக்கும்போது விற்பதாக வையுங்கள். 98-க்கு 150, 97-க்கு 150, 95-க்கு 200 போகும். கைக்கு வருவது 48,250. பங்கு விலை அசையவே இல்லை, ஆனால் 3,550 ரூபாய் போய்விட்டது. இதற்கு மேல் பரிவர்த்தனை வரி வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1%, முத்திரைத் தீர்வை 0.015%. எல்லாம் சேர்த்தால் ஐம்பதாயிரத்தில் சுமார் 7.3%. புரோக்கர் கமிஷனைப் பார்த்துப் பார்த்து மிச்சம் பிடிக்கிறோம். பெரிய தொகை இப்படி, பில்லில் எந்த வரியிலும் வராமல் போகிறது.

காலாண்டுக்கு ஐந்து பங்கு மாற்றினால் ஆண்டுக்கு இருபதும் மாறிவிடும். அதாவது பத்து லட்சமும் ஒரு சுற்று வந்துவிடும். எல்லாப் பங்கும் இந்த அளவுக்கு வறண்டதாக இருந்தால் செலவு 7.3%, கிடைக்க வேண்டிய கூடுதல் 6%. குறுகிய கால லாபத்துக்கான 20% வரியை நான் இன்னும் சேர்க்கவில்லை.

பங்கின் விலையைப் பார்த்து அது எவ்வளவு வறண்டது என்று கண்டுபிடிக்க முடியாது. 1946-ல் இதே திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்.பின் ஒரு பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. லட்ச ரூபாய்ப் பங்கில் இடைவெளி 100 ரூபாய் இருந்தாலும் அது 0.1%தான். 40 ரூபாய்ப் பங்கில் ஒரு ரூபாய் இடைவெளி என்றால் 2.5%. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கும் மதியம் ஒரே கூடை வைத்திருப்பவரிடம் பேரம் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது; எத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள் என்பதே கேள்வி.

பெரிய கைகளுக்கும் இதே கஷ்டம்தான். 2024 மார்ச்சில் ஸ்மால் கேப் ஃபண்டுகள் முதல்முறையாக வெளியிட்ட கணக்கில், எஸ்.பி.ஐ. ஸ்மால் கேப் ஃபண்ட் தன் பங்குகளில் பாதியை விற்க 60 நாள் ஆகும் என்று சொன்னது. அதுவும் விற்கவே கடினமான கடைசி 20 சதவீதத்தை ஒதுக்கிவிட்டுப் போட்ட கணக்கு.

லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருப்பது பாதி மருந்து. 100-க்கு ஆர்டர் வைத்தால், நல்ல செய்தி வரும் நாளில் பங்கு உங்களைத் தாண்டி அப்பர் சர்க்யூட்டுக்குப் போய்விடும். கெட்ட செய்தி வரும் நாளில் மட்டும் தவறாமல் மாட்டும். ஆகவே பங்கை மாற்றுவதையே குறைப்பதுதான் என் கட்சி. நம் வாசகர் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றட்டும். புதிதாக வரும் பங்கு பழையதைவிடத் தெளிவாக மேலாக இருந்தால் மட்டும் மாற்றட்டும். ஒரு நாள் வால்யூமில் தன் ஆர்டர் 10 சதவீதத்தைத் தாண்டுகிறதென்றால், அந்தப் பங்கை விட்டுவிடட்டும்.

கடிதத்தால் எங்களுக்கும் ஒரு வேலை வந்திருக்கிறது. அடுத்த இதழ் முதல், இங்கே சின்னக் கம்பெனி எதைப் பற்றி எழுதினாலும் அதன் சராசரி தினசரி வால்யூமையும், எழுதிய நாளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இருந்த இடைவெளியையும் சேர்த்தே அச்சிடுவோம். விட்டுப்போனால் எழுதிக் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்