வெட்டுற தலை அதேதான், கடைதான் கூடுது

தோட்டத்தை விட்டு வெளியே வரும் இளைஞர்களுக்கு நம்ம ஊரில் சொல்லப்படும் முதல் அறிவுரை, "சொந்தமா ஒரு தொழில் போடு" என்பதுதான். அப்பா சொல்வார், மாமா சொல்வார், சுயதொழில் பயிற்சி நடத்த வருகிறவரும் சொல்வார். தெரணியகலைப் பக்கம் அந்தச் சொந்தத் தொழில் பெரும்பாலும் த்ரீவீலர், கொமியூனிகேஷன், சலூன் என்று மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிடும். பிள்ளைகள் என்றால் பியூட்டி பார்லர். இதில் சலூனை மட்டும் எடுத்து, கலைப்பீடத்தில் நாங்கள் படிக்கிற பொருளியலை வைத்துக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம் என்று நினைத்தோம். சலூன் போடாதீங்க என்று சொல்வதற்காக இல்லை. போடுகிறவர்களிடம் யாரும் முழுக் கணக்கைச் சொல்வதில்லை என்பதுதான் எங்கள் பிரச்சினை.

முதலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நூரி, மாலிபொடை பக்கமெல்லாம் தேயிலைதான். அந்தத் தேயிலை தூளானதும் 1883 இலிருந்து நடந்துவருகிற கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. எங்கேயாவது ஒரு தோட்டத் தொழிற்சாலை, "எங்க தூளையே வாங்குங்க" என்று பஸ் ஸ்டாண்டில் பெனர் கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கட்டமாட்டார்கள். ஏலத்தில் வாங்குகிறவர் மாதிரியைப் பார்த்து, ருசித்து, தரத்துக்கேற்ற விலையைத்தான் கேட்பார். அவரிடம் பெனர் செல்லாது.

சலூன் அப்படியில்லை. பத்து சலூன் இருந்தாலும் பத்தும் ஒன்றல்ல. ஒன்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்றில் ஏ.சி. இருக்கிறது. இன்னொன்றில் புதுப் படப் பாட்டு ஓடும், ஃபேட் கட் நன்றாக வரும். தாத்தாமார் போகிற பழைய கடை ஒன்று இருக்கும், அங்கே முடி வெட்டுவதைவிட அரசியல் பேசுவதுதான் அதிகம். இதைத்தான் பாடப்புத்தகம் பொருள் வேறுபடுத்தல் என்கிறது. வேறுபாடு இருப்பதால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு சின்ன ராஜ்ஜியம் உண்டு. ஐம்பது ரூபாய் கூட்டினால் எல்லாரும் ஓடிப்போக மாட்டார்கள், சிலர்தான் போவார்கள். அதே நேரம் யார் வேண்டுமானாலும் பக்கத்தில் ஒரு கடை திறக்கலாம். ராஜ்ஜியமும் உண்டு, வேலியும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்த சந்தைதான் தனியுரிமைப் போட்டி. 1933இல் ஹார்வர்டில் இருந்த எட்வர்ட் சேம்பர்லின் இந்தப் பெயரிலேயே புத்தகம் எழுதினார். அதே வருடம் கேம்பிரிட்ஜில் ஜோன் ரொபின்சனும் கிட்டத்தட்ட இதே கேள்வியைப் பற்றி எழுதினார்.

வேலி இல்லை என்று சொன்னோம். ஒரு காலத்தில் இருந்தது. தோட்டங்களில் முடி வெட்டுவது ஒரு சாதிக்கென ஒதுக்கப்பட்ட வேலையாக இருந்தது. அவர்கள் மேல் அவமானத்தைச் சுமத்திய அதே வழக்கம், மற்றவர்கள் அந்தத் தொழிலுக்குள் வராமலும் தடுத்து வைத்தது. இப்போது பயிற்சியும் சான்றிதழும் இருந்தால் யாரும் கத்தரியைத் தூக்கலாம். இது நல்ல மாற்றம், நாங்கள் முழுமனதோடு வரவேற்கிறோம். ஆனால் வேலி விழுந்தால் இலாபத்துக்கு என்ன ஆகும் என்பதையும் பார்க்கத்தானே வேண்டும்.

ஒரு கதிரை வைத்த ஒரு சலூனை எடுப்போம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நாங்கள் போட்டவை. உங்களுக்குத் தெரிந்த கடையின் எண்ணை வைத்தும் போட்டுப் பாருங்கள். மாதக் கடை வாடகை 25,000 ரூபாய். கரண்ட், தண்ணீர் 5,000. கதிரை, கண்ணாடி, மெஷினுக்கு எடுத்த கடன் தவணை 10,000. இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்: அந்தத் தம்பி கடை போடாமல் அவிசாவளைப் பக்கமோ கொழும்பிலோ வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் சம்பளம். அதை 60,000 என்று வைப்போம். பாடத்தில் இதற்கு அமையச் செலவு என்று பெயர். ஆக, யாரும் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 100,000 ரூபாய் செலவு. ஒரு தலை வெட்ட பிளேடு, பவுடர், கிரீம் என்று 50 ரூபாய். வெட்டுக்கூலி 550. அப்படியானால் ஒரு தலைக்கு 500 ரூபாய் மிஞ்சும்.

தொடக்கத்தில் மாதம் 300 பேர் வருகிறார்கள். 150,000 மிஞ்சுகிறது, 100,000 செலவு போக 50,000 ரூபாய் மேலதிகம். இதுதான் மிகை இலாபம். ஊரே பார்க்கிறது. "பாரு, அவன் கடை போட்டு ஒரு வருசத்துல பைக் எடுத்துட்டான்" என்ற பேச்சு லயத்துக்கு லயம் போகிறது. அடுத்த ஆள் கடை திறக்கிறார், அதற்கடுத்தவரும் திறக்கிறார். ஊரில் தலைகள் கூடவில்லை. முதல் கடைக்கு வருகிறவர்கள் 200 ஆகிறார்கள். 200 தலைக்கு 100,000 ரூபாய். செலவும் 100,000. மிகை இலாபம் பூச்சியம்.

பூச்சியம் என்றால் பட்டினி இல்லை. அந்தத் தம்பி தன் 60,000 ரூபாயை எடுக்கிறார், அது செலவுக்குள்ளேயே இருக்கிறது. "நீண்டகாலத்தில் சாதாரண இலாபம் மட்டுமே" என்று பரீட்சையில் எழுதுகிறோமே, அதன் அர்த்தம் இவ்வளவுதான்: வேறு வேலைக்குப் போயிருந்தால் கிடைப்பதுதான் இங்கேயும் கிடைக்கும். பைக்குக்கான அந்த 50,000 இல்லை.

விளம்பரம் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. தம்பி சும்மா இருப்பாரா? எல்.ஈ.டி. போர்ட், ஃபேஸ்புக் பூஸ்ட், தீபாவளிக்கு ஒரு பெனர் என்று மாதம் 10,000 ரூபாய் போடுகிறார். 40 பேர் கூடுதலாக வருகிறார்கள். 240 தலைக்கு 120,000. செலவு 110,000. கையில் 10,000 மேலதிகம். விளம்பரம் வேலை செய்கிறது! ஆனால் அந்த 40 பேரும் வானத்திலிருந்து விழவில்லை, பக்கத்துக் கடைகளில் இருந்து வந்தவர்கள். அந்தக் கடைக்காரர்களும் போர்ட் போடுகிறார்கள். எல்லாருக்கும் மறுபடி 200. இப்போது செலவு 110,000, மாதம் 10,000 நட்டம். யாரோ ஒருவர் தாக்குப்பிடிக்க முடியாமல் ஷட்டரை இழுத்துவிடுகிறார். அவருடைய ஆட்கள் மற்றக் கடைகளுக்குப் பிரிகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 220 ஆகிறது. 220 தலைக்கு 110,000. திரும்பவும் பூச்சியம். மூடியவரின் பெனர் மட்டும் மழையில் நனைந்துகொண்டு தொங்கும்.

அப்படியானால் விளம்பரத்தை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். முடியாது. ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவரிடமிருந்து 40 பேர் போவார்கள், 180 தலைக்கு 90,000 ரூபாய்தான். பழைய 100,000 செலவுக்குக்கூட அது காணாது. எல்லாரும் ஒன்றாக நிறுத்தினால் எல்லாருக்கும் காசு மிஞ்சும், ஆனால் முதலில் யார் நிறுத்துவது? ஒரு சலூன் அண்ணா எங்களிடம் சொன்னது இது: "போர்ட் போட்டதால ஆள் வருதான்னு தெரியாது தம்பி. கழட்டினா போயிருவாங்கன்னு மட்டும் தெரியும்." சேம்பர்லின் உற்பத்திச் செலவையும் விற்பனைச் செலவையும் பிரித்துப் பார்த்தது இதற்காகத்தான். பிளேடு முடி வெட்டுவதற்கான செலவு. போர்ட், அந்த ஆளைப் பக்கத்துக் கடையிலிருந்து இழுத்துவருவதற்கான செலவு.

விலையை மாற்றித் தப்பிக்கலாமா? 450க்கு இறக்கினால் ஒரு தலைக்கு 400 மிஞ்சும். ஆனால் மற்றக் கடைகளுக்குப் பழகியவர்கள் லேசில் மாறமாட்டார்கள், 25 பேர் கூடினார்கள் என்று வைப்போம். 245 தலைக்கு 98,000. நட்டம். 650 ஆக்கினால் 50 பேர் போய்விடுவார்கள், 170 தலைக்கு 102,000. அதுவும் நட்டம். ஏற்றினாலும் அடி, இறக்கினாலும் அடி. கேள்வி வளையி சராசரிச் செலவு வளையியை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டு நிற்பதாக ஏ.எல். புத்தகத்தில் ஒரு படம் வருமே, அது இந்த 550தான். நாங்கள் அந்தப் படத்தைப் பாடமாக்கி வரைந்தோம், அந்தப் புள்ளியில் ஒரு ஆள் கத்தரியோடு நிற்கிறார் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அவர் பாதி நேரம் சும்மாதான் நிற்கிறார். ஒருவரால் ஒரு நாளைக்கு 15 தலை வெட்ட முடியும் என்றால், 26 நாளில் 390. வருவதோ 220. மத்தியான நேரத்தில் எந்தச் சலூனை எட்டிப் பார்த்தாலும் ஒருவர் தன் கதிரையிலேயே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சோம்பேறி என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது அவருடைய சுபாவம் இல்லை, இந்தச் சந்தையின் அமைப்பு. மிகைக் கொள்ளளவு என்று இதற்குப் பெயரே இருக்கிறது.

இதெல்லாம் வீண் என்று முடிவுகட்டவும் நாங்கள் தயாரில்லை. கடைகளைக் குறைத்து எல்லாக் கதிரையையும் நிரப்பினால் செலவு குறையும்தான். ஆனால் தாத்தாவும் ஃபேட் கட் பையனும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், தாத்தாவுக்குப் பேச்சுத்துணையும் போய்விடும். அந்தக் காலிக் கதிரைகள், நமக்குப் பிடித்த கடைக்கு நினைத்த நேரத்தில் போவதற்கு நாம் கொடுக்கிற விலை. விளம்பரத்திலும் இரண்டு வகை உண்டு. அமெரிக்காவில் சில மாநிலங்களில் மூக்குக்கண்ணாடிக்கு விளம்பரம் செய்வதே தடையாக இருந்தது. லீ பென்ஹம் என்ற பொருளியலாளர் 1972இல் ஒப்பிட்டுக் காட்டினார்: தடை இருந்த மாநிலங்களில்தான் கண்ணாடி விலை அதிகம். எங்கே மலிவு என்று ஆட்களுக்குத் தெரிய வழியில்லை. நம்ம சலூன் போர்டில் கால்பந்து வீரரின் முகம் இருக்கிறது, தாடி டிரிம் எவ்வளவு என்பது இல்லை. முகத்துக்குப் பதில் விலையைப் போட்டால் அந்த 10,000 ரூபாயில் கொஞ்சமாவது வாடிக்கையாளருக்குப் பிரயோசனப்படும்.

இந்தக் கதையில் பூச்சியத்தில் நிற்காதவர் ஒருவர் இருக்கிறார். கடை அறையின் சொந்தக்காரர். சலூன் எத்தனை வேண்டுமானாலும் கூடலாம், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து அறைகள் கூடாது. முதல் வருடம் 50,000 மிஞ்சுகிறது என்று தெரிந்ததும் அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது வாடகை ஏறும். போட்டியாளர் வருவதற்கு முன்பே மிகை இலாபத்தில் ஒரு பகுதி அந்தப் பக்கம் போய்விடலாம்.

எங்கள் கோபம் கடன் கொடுக்கிற முறை மேல்தான். சுயதொழில் கடனுக்கு எழுதுகிற திட்ட அறிக்கையில், ஏற்கெனவே நன்றாக ஓடுகிற ஒரு கடையைப் பார்த்து, மாதம் 300 தலை என்று போடுகிறார்கள். அந்த எண் முதல் கடையின் முதல் வருட எண். ஐந்தாவதாக வருகிற பிள்ளைக்கு அது கிடைக்காது, அவர் வருவதாலேயே மற்ற நான்கு பேருக்கும் கிடைக்காது. தவணை மட்டும் 300ஐ நம்பிப் போடப்படும். ஒரே பயிற்சியில் ஒரே தொழிலைப் படித்த இருபது பேரை ஒரே டவுனுக்கு அனுப்பினால் அந்த இருபது பேரும் ஒருவரின் 60,000 ரூபாயை இன்னொருவர் பிடுங்கவேண்டி வருகிறது. பிடுங்குகிறவரும் பறிகொடுக்கிறவரும் ஒரே லயத்துப் பிள்ளைகள்.

கடன் படிவத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறோம்: இந்த டவுனில் இப்போது எத்தனை சலூன், இன்னும் இரண்டு வந்தால் உங்களுக்கு மாதம் எத்தனை தலை மிஞ்சும். 200 என்று எழுதியும் தவணை கட்ட முடிகிறதென்றால் தாராளமாகக் கொடுக்கட்டும்.