ஒரு சிறுகோடும் இரண்டு மாகாணங்களும்

சில காலத்துக்கு முன்னர், பயிற்சிக்கு வந்திருந்த இளம் உதவி ஆசிரியர் ஒருவர் எழுதிய தலைப்பொன்றைச் செம்மை நோக்க வேண்டியிருந்தது. "வடகிழக்கு மாகாண ஆளுநர்கள் சந்திப்பு" என்று அவர் எழுதியிருந்தார். "தம்பி, ஒரு மாகாணத்துக்கு எத்தனை ஆளுநர்கள்?" என்று கேட்டேன். "ஒருவர்தான் ஐயா" என்றார். "அப்படியானால் சந்தித்துக்கொண்டது யார்?" என்றதும் சிரித்துவிட்டு, "வட-கிழக்கு" என்று நடுவில் ஒரு சிறுகோட்டைப் போட்டுத் திருப்பித் தந்தார். பிழை அப்படியே இருந்தது. கோடு மட்டும் கூடியிருந்தது.

பெயருக்கு முன்னால் அடைமொழியாக வரும் இரு சொற்களை எப்போது கோடிட்டு எழுதுவது, எப்போது சேர்த்து எழுதுவது என்பதில் எமது பத்திரிகைகளில் ஒழுங்கு கிடையாது. ஆங்கிலத்தில் ஹைபன் என்ற சிறுகோடும், டாஷ் என்ற இடைக்கோடும் வெவ்வேறு வேலை செய்கின்றன. சிறுகோடு இரண்டு சொற்களை ஒன்றாக்குகின்றது. சற்று நீளமான இடைக்கோடு இரண்டு தனிப் பொருள்களை எதிரெதிரே நிறுத்துகின்றது. கணிதத்தில் பேர்ச்–சுவின்னேட்டன்-டயர் கருதுகோள் என்று ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் க்ளே கணித நிறுவகம் தலா பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்த ஏழு புதிர்களில் அதுவும் ஒன்று. அதன் பெயரில் எத்தனை பேர் இருக்கின்றனர்? இருவர். முதலாவது கோடு இருவரைப் பிரிக்கும் இடைக்கோடு. இரண்டாவது கோடு ஒரே மனிதரின் இரட்டைக் குடும்பப் பெயரை இணைக்கும் சிறுகோடு. இரண்டையும் ஒரே அளவில் அச்சிட்டால் வாசகர் மூவரை எண்ணிக்கொள்வார்.

ஆனால் இந்த வழக்கத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை என்பதே என் கருத்து. சொற்களை ஒன்றாக்குவதற்குத் தமிழுக்குச் சிறுகோடு தேவையில்லை. எம்மிடம் தொகை இருக்கிறது. "சிறு தொழில் முனைவோர்" என்று விட்டு விட்டு எழுதினால், சிறியது தொழிலா முனைவோரா என்ற ஐயம் எழும். "சிறுதொழில் முனைவோர்" என்று சேர்த்து எழுதினால் ஐயம் தீர்ந்தது. "சிறு-தொழில்" என்று எழுதுவது ஆங்கிலத்தைப் பார்த்துப் பழகிய கையின் வேலை. "உயர்-தர", "நீண்ட-கால" என்பனவும் அத்தகையனவே. முதற்சொல் இரண்டாவதை விசேடிக்குமானால் சேர்த்து எழுதுங்கள், கோடு வேண்டாம்.

தமிழுக்கு உண்மையில் பயன்படுவது இடைக்கோடு. அதன் இடத்தை அறிவதற்கு எமது இலக்கணத்திலேயே உரைகல் உண்டு. அதுதான் உம்மைத்தொகை. இரு சொற்களுக்கிடையில் "உம்" மறைந்து நிற்குமானால், அங்கே இடைக்கோடு வரலாம். 1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் கைச்சாத்தான ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான ஒப்பந்தம். விரித்தால் "உம்" வருகிறது. ஆகவே "இந்திய–இலங்கை ஒப்பந்தம்" சரி. 1957இன் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தமும் அவ்வாறே.

"ஆசிரியர்–மாணவர் உறவு" என்பது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான உறவு. கோட்டையும் ஒரு ரகர மெய்யையும் விட்டு "ஆசிரிய மாணவர் உறவு" என்று எழுதினால் பொருள் மாறிவிடும். எம் நாட்டில் ஆசிரிய மாணவர் என்போர் கலாசாலையில் ஆசிரியப் பயிற்சி பெறுபவர்கள்.

இன்னுமொரு சோதனை காதாலேயே செய்யக்கூடியது. உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது. "வெற்றிலை பாக்கு" என்கிறோம், "வெற்றிலைப் பாக்கு" என்பதில்லை. வங்கியொன்றின் "கொழும்புக் கிளை" என்னும்போது ககர மெய் மிகுகிறது. கிளை கொழும்புக்கு உரியது. "கொழும்பு–கண்டி வீதி" என்னும்போது மிகவில்லை. இரண்டும் சம நிலையில் நிற்கும் ஊர்கள். வாய் தானாக ஒற்றை இட்டுச் சொல்லுமானால் அவ்விடத்தில் கோடு போடாதீர்கள். முழு அடைமொழியும் பின்வரும் பெயரைச் சந்திக்கும் இடத்தில் ஒற்று வழமைபோல் வரும். "சமூக–பொருளாதாரப் பிரச்சினை" என்பதில் பகர மெய் நிற்பது அதனாற்றான்.

இப்போது அந்தத் தலைப்புக்குத் திரும்புவோம். "வடகிழக்கு" என்பது ஒரு சொல், ஒரு திசை. வடகிழக்குப் பருவக்காற்று ஒரே திசையிலிருந்து வீசுகிறது. அதை "வடக்கு–கிழக்குப் பருவக்காற்று" என்று எவரும் எழுதுவதில்லை. "வடக்கு–கிழக்கு" என்பதை விரித்தால் வடக்கும் கிழக்கும் என்றாகும். அவை இரண்டு. 1987 ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1988 செப்டெம்பரில் இரு மாகாணங்களும் இணைக்கப்பட்டன. அவ்வாண்டு வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானது வடகிழக்கு மாகாண சபைக்கு. அது ஒரே சபை என்பதால் அக்காலப்பகுதியைப் பற்றி இன்று எழுதும்போதும் சேர்த்து எழுதுவதே வரலாற்றுக்கு நேர்மையானது. 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி முதல் அவை தனித்தனி மாகாணங்களாக இயங்குகின்றன. எனவே இன்றைய ஆளுநர்கள் "வடக்கு, கிழக்கு மாகாண ஆளுநர்கள்". இடைக்கோடும் இலக்கணப்படி பொருந்தும். ஆனாலும் இங்கே காற்புள்ளியையே நான் விரும்புவேன். இடைக்கோடு இரண்டுக்கும் இடையிலான உறவைக் குறிப்பது, காற்புள்ளி வெறுமனே அடுக்குவது.

தம்பி போட்ட "வட-கிழக்கு" ஏன் உதவவில்லை என்பது இப்போது விளங்கும். "வட" என்பது அடைமொழியாகக் குறுகிய வடிவம். அது தனித்து நிற்காது, அடுத்த சொல்லோடு ஒட்டியே தீரும். நடுவில் எந்தக் கோட்டை வைத்தாலும் அது ஒரு திசைதான்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இலக்கணப் பிடிவாதம் மட்டுமன்று. இணைப்பு வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் பேசியதை மேற்கோளாகத் தரும்போது அவர்கள் சொன்ன சொல்லையே தரவேண்டும். ஆனால் செய்தியாளரின் சொந்த வசனத்தில், இரு மாகாணங்களை இணைக்கவோ பிரிக்கவோ ஆசிரியபீடத்துக்கு அதிகாரம் இல்லை. அச்சில் தவறிவிட்ட ஒரு சொல் அதைச் செய்துவிடும். அதை வாசிப்பவர் தவறு என்று எண்ணமாட்டார், நிலைப்பாடு என்றே எண்ணுவார்.

கணினியில் எழுதுவோருக்கு ஒரு சிறு குறிப்பு. விசைப்பலகையில் உள்ள கோடு சிறுகோடுதான். விண்டோஸில் Alt விசையை அழுத்தியபடி எண்பலகையில் 0150 என அடித்தால் இடைக்கோடு வரும். கைத்தொலைபேசியில் சிறுகோட்டு விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் தெரிவுகள் தோன்றும். கோட்டின் இருபுறமும் இடம் விடாதீர்கள். விட்டால் வரி முறியும்போது கோடு அடுத்த வரியின் தலையில் போய் நின்று, "இலங்கை" ஏதோ பட்டியலின் ஓர் உருப்படிபோலக் காட்சி தரும்.

கோடு எதுவும் கைவசம் இல்லையென்றாலும் கவலையில்லை. "இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான" என்று விரித்து எழுதிவிடலாம். தலைப்பில் இடம் போதாதபோதுதான் கோடு வேண்டும். அந்தத் தம்பியும் அன்று கடைசியில் கோட்டை அழித்துவிட்டு, "வடக்கு, கிழக்கு ஆளுநர்கள் சந்திப்பு" என்று எழுதிக்கொண்டு வந்தார். "மாகாண" என்ற சொல்லும் போயிருந்தது. தலைப்பு ஒற்றை வரியில் அடங்கியது.