சுடாத விளக்கு

கேமரன் மலைத் தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒற்றை மின்மினி பறந்தாலும் சரி, கோலசிலாங்கூர் ஆற்றோரத்தில் பெரெம்பாங் மரம் முழுக்க மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னினாலும் சரி, பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கையில் பிடித்தால் சுடுமா?”

சுடாது. பழைய குண்டு பல்பில் கம்பி சூடேறிய பிறகுதான் வெளிச்சம் வரும். மின்மினியின் வயிற்றில் நடப்பது வேறு. அங்கே ஒரு வேதிவினையின் ஆற்றல் நேராக ஒளியாகிறது.

இதன் முதல் துப்பைக் கொடுத்தவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் ரஃபேல் துபுவா. 1885இல், ஒளிரும் வண்டு ஒன்றின் விளக்குப் பகுதியைக் குளிர்ந்த நீரில் அரைத்தார். அந்தச் சாறு சற்று நேரம் ஒளிர்ந்துவிட்டு அணைந்தது. வேறொரு பகுதியைக் கொதிநீரில் இட்டார். அது ஒளிரவே இல்லை. அணைந்த சாற்றையும் கொதித்த சாற்றையும் கலந்தபோது மீண்டும் வெளிச்சம் வந்தது! ஒளிக்கு இரண்டு பொருள்கள் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஒன்று, எரிந்து தீரும் ‘லூசிஃபெரின்’. மற்றொன்று, அதை எரிய வைக்கும் நொதியான ‘லூசிஃபெரேஸ்’. கொதிக்கும் சூட்டில் இது கெட்டுவிடும்.

கதை அதோடு முடியவில்லை. 1947இல் அமெரிக்காவின் வில்லியம் மெக்எல்ராய், அணைந்துபோன மின்மினிச் சாற்றில் ஏடிபி என்ற பொருளைச் சேர்த்தார். உடனே ஒளி வந்தது. எல்லா உயிரணுக்களுக்கும் ஆற்றல் தரும் ‘நாணயம்’தான் ஏடிபி. முதலில் லூசிஃபெரினோடு ஏடிபி வினைபுரிந்து அதைத் தயார்ப்படுத்துகிறது. பிறகு ஆக்சிஜன் வந்து சேர்கிறது. அப்போது பிறக்கும் புதிய மூலக்கூறு, தன்னிடம் மிஞ்சிய ஆற்றலை மஞ்சள் கலந்த பச்சை ஒளியாக விட்டுவிட்டு அமைதியாகிறது. ஏடிபி கூடினால் ஒளியும் கூடும். அதனால்தான் இன்று உணவுத் தொழிற்சாலைகளில், துடைத்த மேசை உண்மையில் சுத்தமா என்று பார்க்க இதே வினை உதவுகிறது. கிருமியோ உணவுத் துணுக்கோ ஒட்டியிருந்தால், அதிலுள்ள ஏடிபி ஒளியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆழ்கடலில் இதே உத்தி, வேறு சரக்கு. தூண்டில் மீனின் தலைக்கு முன்னே தொங்கும் விளக்கில் ஒளிர்வது மீன் அல்ல. அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா. அவற்றின் லூசிஃபெரின் மின்மினியுடையது அல்ல. அங்கே பெரும்பாலும் நீல ஒளிதான், ஏனென்றால் கடல்நீரில் அதிகத் தூரம் செல்வது அந்த நிறமே.

மின்மினிக்கு இந்த ஒளி வெறும் அலங்காரம் இல்லை; துணையைத் தேடும் பேச்சு. ஆற்றோரத்தில் தெருவிளக்கும் படகு விளக்கும் கூடினால் அந்தப் பேச்சு காதில் விழாது. கரை மரங்களை வெட்டினால் பேச இடமே இருக்காது. அடுத்த முறை கோலசிலாங்கூர் போனால், படகில் கைப்பேசி ஃபிளாஷை அணைத்து வையுங்கள். இருட்டில்தான் அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளும்.