முடங்கிய இணையக் கடையும் மூன்று மேல்முறையீடுகளும்

பொங்கல் முடிந்த நான்காம் நாள் காலை, என் இணையக் கடை மூடிக் கிடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் என் ஐந்து ஏக்கரில் விளைகிற மாப்பிள்ளைச் சம்பா அரிசியையும் மரச்செக்கு நல்லெண்ணெயையும் பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் இரண்டு வருடமாக விற்று வந்தேன். அன்றைக்குத் திரையில் இருந்தது ஒரே செய்திதான்: கொள்கை மீறல் காரணமாக உங்கள் விற்பனைக் கணக்கு இடைநிறுத்தப்படுகிறது. எந்தக் கொள்கை, எந்தப் பொருள், எந்த வரி என்று ஒன்றும் இல்லை. நாற்பத்தோராயிரம் ரூபாய் பாக்கி தளத்திடம் நின்றது. வீட்டில் அறுபது பொட்டலம் அரிசி அனுப்பத் தயாராக இருந்தது.

முப்பத்தாறு வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். கணக்கை முடக்குகிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். முடக்கப்பட்டவனின் நாற்காலி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. அன்று இரவே மேல்முறையீட்டுப் பெட்டியில் நீளமாக எழுதினேன். நான் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ரசாயனம் தொடாத உழவன், இரண்டு வருடத்தில் ஒரு புகார்கூட வந்ததில்லை, உழவன் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று. மறுநாளே பதில் வந்தது: போதுமான தகவல் இல்லை. எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் அதில் ஒரு வரிகூட அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. கடன் மனுவில் குடும்பக் கஷ்டத்தை எழுதிவிட்டு நிலப் பத்திரத்தை இணைக்காமல் வருவார்களே, அந்தத் தவறைத்தான் நானும் செய்திருந்தேன்.

இரண்டாம் நாள் உட்கார்ந்து, வங்கியில் கோப்பு போடுவதுபோல ஆரம்பித்தேன். கணக்கு முடங்கினாலும் உள்ளே நுழைந்து பார்க்கும் வசதி சில நாள் இருக்கும். அது போவதற்குள் எடுக்க வேண்டியதை எடுத்துவிட வேண்டும். முடக்க அறிவிப்பைத் தேதி, நேரம் தெரியும்படி திரைப்படம் எடுத்தேன். ஆறு மாத ஆர்டர் பட்டியல், பில்கள், வாடிக்கையாளர் செய்திகள், பழைய எச்சரிக்கை அறிவிப்புகள் எல்லாவற்றையும் இறக்கி வைத்தேன். பிறகு என் பொருட்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எதையும் திருத்தாமல் அப்படியே படம் எடுத்தேன். இந்த வரிசை முக்கியம். முதலில் அழித்துவிட்டால், என்ன தவறு இருந்தது, அதை எப்போது திருத்தினோம் என்று காட்ட நம்மிடம் ஆதாரம் இருக்காது.

எச்சரிக்கைகளைப் புரட்டும்போது ஐப்பசி மாதத்து அறிவிப்பு ஒன்று கண்ணில் பட்டது. நான் திறந்தே பார்க்காதது. அரிசிப் பக்கத்தில் நோய் குணமாகும் என்ற வாசகம் இருக்கிறது, நீக்கவும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பக்கத்தைப் பார்த்தேன். "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் பாரம்பரிய அரிசி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கங்களை ஏற்றிக் கொடுத்த பக்கத்து ஊர்த் தம்பியைக் கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் போடறாங்க சார். நீங்களும் கூட்டத்துல அப்படித்தானே பேசினீங்க?" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. விழுப்புரத்தில் நடந்த விதைத் திருவிழாவில் மைக் பிடித்து அப்படித்தான் பேசியிருந்தேன். நம்மில் எத்தனை பேர் பேசுகிறோம்! மேடையில் அது பேச்சு. பொட்டலத்தின் மேலும் விற்பனைப் பக்கத்திலும் அதுவே விளம்பரம். உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று உரிமை கொண்டாடக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறை. மருந்து, மாய நிவாரண விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் நீரிழிவின் பெயர் இருக்கிறது. நம் அரிசியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு? தளம் கேட்ட கேள்வி நியாயமானதுதான் என்று எனக்கே பட்டது.

இரண்டாவது மேல்முறையீட்டில் தவறை ஒப்புக்கொண்டேன். வாசகத்தை நீக்கிவிட்டேன் என்று படத்தோடு அனுப்பினேன். ஐந்து நாள் கழித்து அதுவும் திரும்பி வந்தது. மீறல் இன்னும் நீடிக்கிறது என்றார்கள். எனக்குப் புரியவில்லை. அந்த வாசகத்தைத்தான் எடுத்தாயிற்றே?

மறுபடியும் பதினொரு பொருட்களின் பக்கங்களையும் வரி வரியாகப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விளக்கத்தில் எடுத்த வாசகம் இன்னும் மூன்று இடத்தில் உயிரோடு இருந்தது. ஒன்று, பொட்டலப் புகைப்படத்தின் மேல் அச்சடித்த எழுத்து. படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் அவர்களுடைய இயந்திரம் படிக்கும். இரண்டு, வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத தேடல் சொற்கள் பெட்டி. அங்கே `diabetes rice`, `sugar cure` என்று தம்பி போட்டு வைத்திருந்தான். மூன்று, நல்லெண்ணெய்ப் பக்கத்தில் மூட்டுவலி தீரும் என்று ஒரு வரி. அறிவிப்பு அரிசியைப் பற்றித்தான் வந்தது, ஆனால் அவர்கள் முடக்கியது முழுக் கணக்கை. ஆகவே குற்றம் சொன்ன பக்கத்தை மட்டும் திருத்தினால் போதாது. வயலில் ஒரு செடியில் பூச்சி கண்டால் அந்தச் செடியை மட்டுமா பார்ப்போம்?

மூன்றாவது மேல்முறையீட்டை மூன்று பத்தியில் முடித்தேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது.

முதல் பத்தி, காரணம்: "எங்கள் 4 பொருட்களின் பக்கங்களில் நோய் தீர்க்கும் வாசகங்கள் விளக்கத்திலும், படத்திலும், தேடல் சொற்களிலும் இருந்தன. பொருள் எண்கள் கீழே உள்ளன. பக்கங்களை ஏற்றியவர் விதி அறியாமல் எழுதினார். நான் சரிபார்க்காமல் அனுமதித்தேன். முன்பு வந்த எச்சரிக்கையையும் பார்க்கத் தவறினேன்."

இரண்டாம் பத்தி, செய்து முடித்த திருத்தம்: "11 பக்கங்களையும் சோதித்தோம். 4 பக்கங்களில் வாசகம், படம், தேடல் சொல் மூன்றையும் மாற்றிவிட்டோம். பழைய லேபிள் ஒட்டிய 60 பொட்டலங்களைப் பிரித்துப் புதிய லேபிளில் கட்டியுள்ளோம். முன்னும் பின்னுமான படங்கள் இணைப்பில்."

மூன்றாம் பத்தி, இனி நடக்காமல் இருக்க ஏற்பாடு: "புதிய பக்கம் எதையும் நான் படித்துக் கையெழுத்திட்ட பிறகே ஏற்றுவோம். எச்சரிக்கைகளைத் திங்கள்தோறும் பார்த்துப் பதிவேட்டில் குறிப்போம்."

செய்வோம் என்பதைவிட, செய்தோம் என்பதற்குத்தான் மதிப்பு என்று இதில் கற்றுக்கொண்டேன். இரண்டாம் பத்தியில் எதிர்காலமே வரக் கூடாது. செய்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

இணைப்பில் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டேன்: அறிவிப்பின் படம், பழைய பக்கம், புதிய பக்கம், பொட்டலத்தின் எல்லாப் பக்கமும் தெரியும் புகைப்படங்கள், உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, எங்கள் குழுவின் பிஜிஎஸ் சான்றிதழ். சான்றிதழைச் சேர்க்கும் முன் அதில் அந்தப் பயிரின் பெயர் இருக்கிறதா, தேதி காலாவதி ஆகவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலக்கடலைக்கு வாங்கிய சான்றை அரிசிக்குக் காட்டினால் இன்னொரு சந்தேகத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகும்.

இங்கே வங்கி அனுபவம் ஒன்று கைகொடுத்தது. ஆவணங்களில் பெயரும் முகவரியும் ஒத்துப்போக வேண்டும். நம்ம ஊரில் இனிஷியல் ஒரு ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயராகவே விரிந்து நிற்கும். மாவட்டமும் `Villupuram` என்று ஒன்றில், `Viluppuram` என்று ஒன்றில் இருக்கும். 1993க்கு முந்தைய நிலப் பத்திரம் என்றால் தென்னாற்காடு என்றே இருக்கும். தொலைவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இவை வேறு வேறு ஆட்கள். அதனால் இவையெல்லாம் ஒரே நபர், ஒரே முகவரி என்று ஒரு வரி விளக்கமும், ஆதார், பான் நகலும் சேர்த்தேன்.

எட்டாம் நாள் கணக்கு திறந்தது. எல்லாம் சேர்த்து இருபது நாள் கடை மூடிக் கிடந்தது. பாக்கி அடுத்த சுற்றில் வந்து சேர்ந்தது.

இடையில் இரண்டு யோசனைகள் வந்தன. மனைவி பேரில் புதுக் கணக்கு தொடங்கலாம் என்றார் ஒருவர். அதே வங்கிக் கணக்கு, அதே முகவரி, அதே போன் என்றால் தளம் இரண்டையும் இணைத்துப் பார்த்துவிடும். அப்புறம் முதல் கணக்கைத் திறக்கவே வழி இருக்காது. பதினைந்தாயிரம் கொடுத்தால் ஒரே நாளில் திறந்து தருகிறேன் என்றார் ஓர் ஏஜென்ட். திருத்திய பில்லும் போலி ஆய்வறிக்கையும்தான் இவர்களில் சிலருடைய மூலதனம். பிடிபட்டால் கொள்கை மீறல் மோசடி என்று மாறிவிடும். இரண்டையும் செய்யாதீர்கள்.

தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அதற்காகத் தளத்தின் நடைமுறை சரி என்று சொல்ல மாட்டேன். வங்கியில் ஒரு வாடிக்கையாளரின் புகாருக்கு முப்பது நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் அவர் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகள், வாங்குபவரின் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று ஒரு மாதத்தில் தீர்க்கச் சொல்கின்றன. விற்கிற உழவனுக்கு அப்படி ஒரு கெடு அதில் இல்லை. நீதிமன்றம் போகலாம் என்றால் என் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது வேறு மாநிலத் தலைநகர். ஐரோப்பிய ஒன்றியமோ 2019லேயே சட்டம் போட்டுவிட்டது. விற்பனையாளரை இடைநிறுத்தினால் காரணத்தை அப்போதே எழுத்தில் தர வேண்டும். அடியோடு நீக்குவதானால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

அதுபோல நாம் இங்கே கேட்க வேண்டியது பெரிய சலுகை ஒன்றுமில்லை. எந்தப் பொருள், எந்த வரி என்று அறிவிப்பிலேயே சொல்லட்டும். பதிலுக்கு ஒரு கெடு வைக்கட்டும். இரண்டு முறை நிராகரித்த பிறகாவது ஒரு மனிதர் போனில் பேசட்டும். அடுத்த முறை கொள்முதல் விலைக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் மனு எழுதும்போது இந்த மூன்றையும் நம் இயக்கம் அதில் சேர்க்க வேண்டும்.

அதுவரை நம் பக்கத்தை நாம் சுத்தமாக வைத்துக்கொள்வோம். இப்போது என் அரிசிப் பக்கத்தில் சர்க்கரை நோய் என்ற சொல்லே இல்லை. ஏரிப் பாசன நிலத்தில் சம்பா பட்டத்தில் விளைந்தது, பாலிஷ் செய்யாதது, இந்த மாதம் அரைத்தது என்று மட்டும் எழுதியிருக்கிறேன். விற்பனை முன்புபோலத்தான் நடக்கிறது. விழுப்புரத்தில் அடுத்த விதைத் திருவிழாவில் மைக் கொடுத்தால் அவ்வளவைத்தான் பேசுவேன்.