தண்ணீருக்கு ஒரு நேரம், சோற்றுக்கு ஒரு நேரம்

"நாளைக்கு ஒப்பரேஷன். இரவு பன்னிரண்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது." வைத்தியசாலை வார்ட்டில் தங்கியவர்கள் பலர் கேட்டிருக்கும் பேச்சு இது. இதில் பாதி மிகச் சரி. மறு பாதியை நாம் கேள்வி கேட்கலாம் என்பது என் கருத்து.

மயக்க மருந்து கொடுத்ததும் இருமலும் விழுங்கும் உணர்வும் நின்றுவிடும். இரைப்பையின் வாயும் தளரும். அப்போது உள்ளே இருப்பது புளித்த அமிலத்தோடு மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. 1946இல் நியூயோர்க் மகப்பேற்று வைத்தியர் மெண்டெல்சன், இப்படி நேர்ந்த 66 தாய்மாரைப் பற்றி எழுதினார். அவர்களில் இருவர் இறந்தனர். இருவரையும் மூச்சடைக்கச் செய்தது கட்டியான உணவே.

சோறு இரைப்பையில் பல மணி நேரம் கிடக்கும். வெறும் தண்ணீரோ சீக்கிரம் இறங்கிவிடும். ஆகவே 1999இல் அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர் சங்கம் இரண்டையும் பிரித்தது. இலேசான உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், கொழுப்புள்ள உணவுக்கு எட்டு மணி நேரம் அல்லது அதற்கும் மேல், தண்ணீருக்கும் பால் சேராத பிளேன்டீக்கும் இரண்டு மணி நேரம். பால் தேநீரும் கஞ்சியும் உணவுக் கணக்கிலேயே சேரும்.

திகனயிலிருந்து கண்டிக்கு ஹேர்னியா ஒப்பரேஷனுக்கு வந்த ஒரு விவசாயியை எண்ணிப் பாருங்கள். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டார். அவருடைய முறை காலை பதினொன்றுக்கு. ஒன்பது மணி வரை அவர் தண்ணீர் குடிக்கலாம். நள்ளிரவு விதிப்படியோ பதினொரு மணி நேரம் நா வறண்டு கிடப்பார். தலை வலிக்கும், சேலைன் ஏற்ற நரம்பும் எளிதில் அகப்படாது.

வார்ட்டின் பயத்திலும் நியாயம் உண்டு. முன்னால் இருப்பவரின் ஒப்பரேஷன் நின்றுபோனால் இவரை ஒன்பதுக்கே கூப்பிடலாம். இதற்கு ஸ்கொட்லாந்தின் டன்டீ நகரில் ஒரு வழி கண்டார்கள். ஒப்பரேஷன் அறைக்கு அழைக்கும் வரை, மணிக்கு ஒரு சிறு குவளை தண்ணீரை மெல்லமெல்லக் குடிக்க விடுகிறார்கள். நம் வைத்தியசாலைகளும் இதை ஆராய வேண்டும்.

ஆனால் இந்தச் சலுகை எல்லோருக்கும் அல்ல. குடல் அடைப்பு, ஓயாத வாந்தி, விபத்து, பிரசவம், நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு வைத்தியர் சொல்வதே முடிவு. பிரஷர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கச் சொல்வது வழக்கம். நீரிழிவு மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள்.

ஆகவே வார்ட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "சாப்பாடு எத்தனை மணி வரை? தண்ணீர் எத்தனை மணி வரை?" தெரியாமல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் தாதியிடம் சொல்லுங்கள். ஒப்பரேஷன் பிந்தும், அவ்வளவுதான். மறைத்தால் உயிருக்கே வினையாகலாம்.