தோனி 53.66, ருதுராஜ் 53: சராசரி சொல்லாமல் விடும் கதை

2024 ஐபிஎல் சீசனில் சிஎஸ்கே கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட்டின் பேட்டிங் சராசரி 53. அதே சீசனில் தோனியின் சராசரி 53.66. பட்டியலை மட்டும் பார்த்தால் தோனி ஒரு படி மேலே. ஆனால் ருதுராஜ் அடித்தது 583 ரன், தோனி அடித்தது 161 ரன். அதைவிட வேடிக்கை, அந்த சீசனில் தோனியின் அதிகபட்ச ஸ்கோரே 37தான். ஒருமுறைகூட 40-ஐத் தொடாதவருக்கு எப்படிங்க சராசரி 53 வரும்?

கணக்கில் தப்பு இல்லை. பள்ளியில் படித்த சராசரி வேறு, கிரிக்கெட் சராசரி வேறு. இங்கே மொத்த ரன்னை இன்னிங்ஸ் எண்ணிக்கையால் வகுப்பதில்லை. எத்தனை முறை அவுட் ஆனார் என்பதால் வகுக்கிறார்கள். தோனி 11 இன்னிங்ஸ் ஆடினார், அதில் 8 நாட் அவுட். மிச்சம் 3. 161-ஐ 3-ஆல் வகுத்தால் 53.66. ருதுராஜ் 14 இன்னிங்ஸில் 3 முறை நாட் அவுட், 583-ஐ 11-ஆல் வகுத்தால் சரியாக 53.

இந்த வகுக்கும் எண் சின்னதாக இருந்தால் என்ன கூத்து நடக்கும் என்பதற்கும் தோனியே உதாரணம். முதல் 7 இன்னிங்ஸில் 96 ரன், ஒருமுறைகூட அவுட் இல்லை. பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது, அதனால் சராசரியே கிடையாது. மே 1 அன்று சேப்பாக்கத்தில் பஞ்சாபுக்கு எதிராக 14 ரன்னில் ரன் அவுட் ஆனார். உடனே சராசரி 110! அடுத்து தர்மசாலாவில் முதல் பந்திலேயே டக். சராசரி 55 ஆகிவிட்டது. ஆட்டக்காரர் அதே ஆள்தான். ஒரே ஒரு விக்கெட் சராசரியைப் பாதியாக்கிவிட்டது.

அப்படியென்றால் நாட் அவுட்டையும் அவுட்டாகவே எண்ணிவிடலாமே? பலர் கேட்கும் கேள்வி இது. எண்ணினால் தோனிக்கு வருவது 14.6. இதுவும் அநியாயம்தான். வான்கடேயில் மும்பைக்கு எதிராக அவர் கடைசி ஓவரில் வந்து 4 பந்தில் 20 ரன் அடித்தார். சிஎஸ்கே ஜெயித்ததும் அதே 20 ரன் வித்தியாசத்தில். அவரை யாரும் வீழ்த்தவில்லை, பந்து தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான். அதை ‘20-இல் அவுட்’ என்று எழுதுவது பொய்க்கணக்கு. அதனால் நாட் அவுட் விதியை மாற்ற வேண்டியதில்லை என்பதே என் கட்சி. மாற வேண்டியது நாம் அந்த எண்ணைப் படிக்கும் விதம்.

ஸ்ட்ரைக் ரேட்டுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ரன்னைப் பந்தால் வகுத்து 100-ஆல் பெருக்குகிறோம். அவுட்டா இல்லையா என்று அது கேட்பதில்லை. தோனி 73 பந்தில் 161, ஸ்ட்ரைக் ரேட் 220-க்கு மேல். ருதுராஜ் 413 பந்தில் 583, ஸ்ட்ரைக் ரேட் 141.

இப்போது பந்துகளையும் விக்கெட்டையும் சேர்த்துப் பாருங்கள். ருதுராஜ் சராசரியாக 38 பந்துக்கு ஒருமுறை அவுட் ஆனார், தோனி 24 பந்துக்கு ஒருமுறை. அதை ஒரு பந்துக்கு எத்தனை ரன் என்பதோடு பெருக்கினால் வருவதுதான் சராசரி. நின்று ஆடியும் 53 வரும், வெளுத்து வாங்கியும் 53 வரும்.

ஆனால் தோனி அந்த சீசனில் ஒரு இன்னிங்ஸில் எதிர்கொண்ட அதிகபட்சமே 16 பந்துதான். 24 பந்து என்பது பல சின்ன இன்னிங்ஸ்களை ஒட்டிப் போட்டுக் கிடைத்தது. முதல் ஓவரிலேயே இறங்கியிருந்தால் 53 அடித்திருப்பார் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஒருவருடைய சராசரி அவருடைய அதிகபட்ச ஸ்கோரைத் தாண்டி நின்றால், அது பெரும்பாலும் நாட் அவுட்கள் தூக்கி நிறுத்திய எண்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. காயத்தால் வெளியேறினால் நாட் அவுட். வியூகத்துக்காக ‘ரிட்டயர்டு அவுட்’ ஆனால் அது அவுட் கணக்கு. 2022 ஐபிஎல்லில் லக்னோவுக்கு எதிராக நம்ம அஸ்வின் 28 ரன்னில் அப்படித் தானாகவே கிளம்பினார். அணிக்காகச் செய்தது, ஆனாலும் சராசரியில் அது ஒரு விக்கெட்தான்.

தாமல் ஏரிப் பக்கம் நடக்கும் எட்டு ஓவர் டென்னிஸ் பால் மேட்ச் என்றாலும் இதே கணக்குதான். ஏழாவதாக இறங்கி ஐந்து முறை நாட் அவுட், ஒருமுறை அவுட், மொத்தம் 48 ரன் என்றால் போனில் ஸ்கோர் போடும் ஆப் 48 சராசரி காட்டும். அதைப் பார்த்து அவரை ஓப்பனிங் அனுப்பும் கேப்டன், முதலில் அவர் எத்தனை பந்து ஆடினார் என்ற கட்டத்தைப் பார்க்கட்டும். 20 பந்து என்றால் கடைசி இரண்டு ஓவருக்கு அவர்தான் ஆள். 48 பந்து என்றால் அங்கேகூட யோசிக்கணும்.