பிறை தெரிஞ்சதும் ஒரே நேரத்தில் படையெடுப்பு! மெகந்திக்கு ரேட் ஏறுவது எப்படி? கடலூர், சிதம்பரத்தில் நடக்கும் மல்லுக்கட்டு

கடலூர்:-

முகூர்த்த நாள் நெருங்கினாலே கடலூர், சிதம்பரம் பக்கம் மெகந்தி போடும் பெண்களின் செல்போன் ஓயாமல் அடிக்கிறது. புக்கிங் எடுக்கும்போது சிரித்த முகம், காசு கொடுக்கும்போது சண்டை. "கோன் விலையே கொஞ்சம்தானே, இதுக்கா இத்தனை ரூபாய்?" என்று கல்யாண வீட்டார் கேட்பார்கள். ஆனால் இங்கே விலை கோனுக்கு இல்லை. அந்த ஒரு சாயங்காலத்துக்கு.

கணக்கை சிதம்பரத்தில் ஒரு கல்யாணம் என்று வைத்தே பார்ப்போம். முகூர்த்தம் ஞாயிறு காலை, ரிசப்ஷன் சனி மாலை. மெகந்தி போட கடலூரில் இருந்து ஆள் வர வேண்டும்.

மணப்பெண்ணுக்கு முழங்கை வரை இரண்டு பக்கமும் போட்டால் 3 முதல் 4 மணி நேரம் ஆகும். சொந்தக்காரப் பெண்கள் 20 பேர், ஆளுக்கு ஒரு கை, ஒரு கைக்கு 10 நிமிடம் என்றால் அதுவே 3 மணி 20 நிமிடம். ஒரே ஆள் சாயங்காலம் 4 மணிக்கு உட்கார்ந்தால், தண்ணி குடிக்க எழுந்திருக்காமல் போட்டாலும் முடிய இரவு 11.20 ஆகிவிடும். அதனால் கூட ஒரு பெண்ணை அழைத்து வருவார்கள். ஒருத்தர் மணப்பெண்ணுக்கு, இன்னொருத்தர் மற்றவர்களுக்கு. 8 மணிக்கெல்லாம் எழுந்து விடலாம்.

இனி பணம். ரேட் ஆளுக்கு ஆள் மாறும். கணக்குக்காக மணப்பெண்ணுக்கு ரூ.3 ஆயிரம், மற்றவர்களுக்கு கைக்கு ரூ.100 என்று வைப்போம். 20 கைக்கு ரூ.2 ஆயிரம். கடலூர்-சிதம்பரம் சுமார் 45 கிலோ மீட்டர், போக வர 90. ராத்திரி நேரத்தில் பெண்கள் பஸ்சுக்கு நிற்க முடியாது, வாடகை கார்தான். கிலோ மீட்டருக்கு ரூ.15 வீதம் ரூ.1,350, டிரைவர் படி ரூ.300. மொத்தம் ரூ.6,650.

இதில் கவனிக்க வேண்டியது கார் செலவு. 20 கைக்கும் அதே ரூ.1,650தான், 5 கைக்கும் அதேதான். 5 கை என்றால் மொத்தம் ரூ.5,150 ஆகும். ஆள் குறைந்த அளவுக்கு பில் குறையாது. கைச்செலவைக் குறைக்க நினைப்பவர்கள் சிதம்பரத்திலேயே ஆள் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

தகராறு வருவது எங்கே தெரியுமா? "பொண்ணுக்கு மட்டும்தான்" என்று பேசி அழைப்பார்கள். போனால் சித்தி மகள், அத்தை மகள் என்று பத்து கை நீட்டி நிற்கும். "சின்னதா ஒரு பூ போடும்மா" என்பார்கள். பத்து பூ என்றால் ஒன்றரை மணி நேரம் போச்சு. மணப்பெண் கையில் அவசரம் தெரியும். அடுத்த வீட்டு புக்கிங்கும் தள்ளிப்போகும். எத்தனை கை, அதற்கு மேல் வந்தால் கைக்கு எவ்வளவு, கார் யார் செலவு என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டால் பாதி சண்டை இல்லை.

நாளும் முக்கியம். மருதாணியை உதிர்த்ததும் கை ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். கருஞ்சிவப்பாக ஏற 24 முதல் 48 மணி நேரம் ஆகும். சனிக்கிழமை காலை போட்டால் ரிசப்ஷன் போட்டோவில் வெளிறித்தான் தெரியும். வியாழன் இரவு அல்லது வெள்ளி மதியம்தான் சரி.

ரம்ஜான் கதை வேறு. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் பகுதிகளில் பெருநாள் எப்போது என்பது 29-வது நோன்பு அன்று மாலை பிறை பார்த்த பிறகுதான் தெரியும். தமிழகத்தில் 2024-ல் ஏப்ரல் 9-ந்தேதி பிறை தெரியவில்லை, 11-ந்தேதி ரம்ஜான். 2025-ல் மார்ச் 30-ந்தேதியே தெரிந்தது, மறுநாள் ரம்ஜான். தலைமை காஜி அறிவிப்பு வந்த அடுத்த நிமிடமே எல்லா வீட்டில் இருந்தும் போன். இரவு 7 முதல் 1 மணி வரை போட்டாலும் ஒரு ஆளால் முப்பது கைக்கு மேல் முடியாது. அன்று ஊர் விட்டு ஊர் போனால் வழியிலேயே நேரம் போய்விடும். அதனால்தான் ஒரே தெருவில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறார்கள், கைக்கு ரேட்டும் கூடுகிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. "29 இல்லாவிட்டால் 30" என்று இரண்டு நாளுக்கும் சேர்த்து அட்வான்ஸ் பேசலாம். பிறை தெரியாவிட்டால் அதே பணம் மறுநாளுக்கு. பக்ரீத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. மாதம் பிறந்து 10-வது நாள் என்பதால் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நேரம் போய்விட்டது என்று சிலர் ஒரு மணி நேரத்தில் கருகருவென்று பிடிக்கும் 'இன்ஸ்டன்ட்' கோனை நீட்டுவார்கள். அங்கேதான் உஷார். மருதாணி அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது, கருப்பாகவும் பிடிக்காது. அப்படிப்பட்ட கோன்களில் தலைமுடி டையில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். கை கொப்பளித்து, டிசைன் இருந்த இடத்திலேயே தழும்பு விழுந்தவர்கள் உண்டு. எரிச்சல் தெரிந்தால் உடனே கழுவிவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.